முற்றத்தை விட்டு நகராத உழவு இயந்திரம்: ஸத்துத் தராயிஃ, மஸ்லஹா முர்ஸலா

கேள்வி: குர்ஆன், ஸுன்னா, இஜ்மாஃ, கியாஸ் ஆகியவற்றுக்குப் பிறகு, தீமைக்குப் போகும் வழிகளை அடைக்கும் ஸத்துத் தராயிஃ, நேரடி ஆதாரம் வராத இடத்தில் பொதுநலனைக் கவனிக்கும் மஸ்லஹா முர்ஸலா என்பவையும் துணை ஆதாரங்கள் என்கிறார்கள். இவற்றால் ஒரு தீர்ப்பு உண்மையில் எப்படி மாறுகிறது?

பதில்:

செட்டிகுளம் பக்கத்துக் கமக்காரர் ஒருவருக்குக் காலபோகத்துக்கு விதைநெல்லும் உரமும் வாங்கக் காசு தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி ஒருவர் தம்முடைய இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை, அறுவடை முடிந்தபின் பணம் தரும் தவணையில் 1,20,000 ரூபாவுக்கு அவருக்கு விற்று, அந்த இடத்திலேயே அதை 1,00,000 ரூபா கைக்காசுக்குத் திருப்பி வாங்கிவிடுகிறார். இயந்திரம் முற்றத்தை விட்டு நகரவில்லை. கமக்காரர் கையில் ஒரு இலட்சமும் தலையில் 20,000 ரூபா மேலதிகக் கடனும் மிஞ்சுகின்றன.

இதற்கு பைஉல் ஈனா என்று பெயர். இரண்டு விற்பனைகளையும் தனித்தனியே பார்த்தால் பொருள், விலை, சம்மதம் எல்லாம் சரியாகவே இருக்கும். இமாம் மாலிக்கும் இமாம் அஹ்மதும் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, வட்டிக்குப் போகும் வழி என்று இதைத் தடுத்தார்கள். இதுவே ஸத்துத் தராயிஃ. மாலிக்கி அறிஞர்கள் தனி ஒருவரின் உள்நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று கேட்பதில்லை. மக்கள் பெரும்பாலும் அந்த நோக்கத்தோடுதான் அப்படிச் செய்கிறார்கள் என்பதே அவர்களுக்குப் போதும். நம் ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபோ, சொல்லப்படாத நிய்யத்து ஒப்பந்தத்தைச் செல்லாததாக்காது, வெளிப்படையானதை வைத்தே தீர்ப்பு என்கிறது. இதே போன்ற விற்பனை ஒன்றை ஆயிஷா (ரழி) கண்டித்ததாக வரும் அறிவிப்பையும் இமாம் ஷாஃபிஈ உறுதியானதாக ஏற்கவில்லை. ஆனால் செல்லுபடியாகும் என்பதைக் குற்றமற்றது என்று விளங்கிக்கொள்வது அவசரம். அந்த மத்ஹபிலேயே இது வெறுக்கத்தக்கது என்று எழுதியவர்கள் உண்டு.

எல்லா வழியையும் அடைத்துக்கொண்டு போனால் ஆகுமானவை எதுவும் மிஞ்சாது. அதனால்தான் மாலிக்கி அறிஞர் கராஃபி வழிகளை மூன்றாகப் பிரித்தார். மக்கள் நடக்கும் பாதையில் கிணறு தோண்டுவது எல்லோரிடமும் தடை. மதுவாகிவிடும் என்று பயந்து திராட்சை பயிரிடுவதை யாரும் தடுப்பதில்லை. மேலே சொன்னது போன்ற தவணை விற்பனை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் கருத்து வேறுபாடு.

மஸ்லஹா முர்ஸலாவும் இப்படியே விளைவைப் பார்த்து நடப்பதுதான். தைக்கக் கொடுத்த துணி தொலைந்தால், நம்பிக்கைக்குரியவர் என்ற பொதுவிதிப்படி தையற்காரர் ஈடு தர வேண்டியதில்லை. ஆனால் அப்படி விட்டால் கவனக்குறைவு பெருகி மக்கள் பொருள் அழியும் என்பதால், கைவினைஞர்கள் ஈடு தர வேண்டும் என்று அலீ (ரழி) தீர்ப்பளித்ததாக அறிவிக்கப்படுகிறது. மாலிக்கிகள் இதையே எடுத்தார்கள். ஷாஃபிஈகளிடம் வலுவான கருத்து, அவர் வரம்பு மீறியிருந்தால் மட்டுமே ஈடு என்பது. இங்கும் அவர்கள் பழைய விதியை எளிதில் விடவில்லை.

கமக்காரருக்கு நன்மைதானே என்று பொதுநலனைக் காட்டி வட்டியை ஆகுமாக்க முடியாது. நேரடித் தடை உள்ள இடத்தில் அந்த நன்மை கணக்கில் வராது. மறுபுறம், தவணைப் பணம் முழுவதும் கட்டி முடிந்தபின் வியாபாரி அதே இயந்திரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கினால், அங்கு அடைக்க வேண்டிய வழியே இல்லை.