ஜெல் படத்துக்கும் பார் சார்ட்டுக்கும் கீழே என்ன எழுதுவது?

லேப் ரிப்போர்ட் சமர்ப்பிக்கும் நேரம் என்பதால் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஃபிகர் லெஜண்ட் பற்றித்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பரிசோதனையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: பள்ளிக்கரணை சதுப்பு நில மண்ணில் இருந்து மூன்று பாக்டீரியாக்களைப் பிரித்து, 16எஸ் மரபணுவை பிசிஆர் செய்து, அவை உப்பில் எவ்வளவு வளர்கின்றன என்று பார்க்கிறோம். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்தாலும் விஷயமும் வரிசையும் இதேதான்.

"ஜெல் படத்துக்குக் கீழே 'படம் 1: பிசிஆர் ரிசல்ட்' என்று எழுதினேன். மேடம் சிவப்பு மையில் 'போதாது' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன போதவில்லை?" (எம்.எஸ்சி மாணவி, தாம்பரம்)

எந்த லேனில் என்ன போட்டீர்கள் என்பது இல்லை. ஜெல் படம் என்பது கறுப்புப் பின்னணியில் சில வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். அதற்கு அர்த்தம் வருவதே லெஜண்டால். உங்கள் ரெக்கார்டைத் திறக்காமல், மெத்தட்ஸ் பகுதியைப் புரட்டாமல், படத்தையும் அதன் கீழே உள்ள வரிகளையும் மட்டும் பார்க்கும் ஒருவருக்கு அது புரிய வேண்டும். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"படம் 1. பள்ளிக்கரணை மண்ணில் இருந்து பிரித்த மூன்று பாக்டீரியாக்களில் 16எஸ் மரபணுவின் பிசிஆர். லேன் 1: 1 கேபி டிஎன்ஏ லேடர். லேன் 2, 3, 4: ஐசொலேட் ஏ, பி, சி. லேன் 5: பாசிட்டிவ் கன்ட்ரோல், ஈ. கோலை டிஎன்ஏ. லேன் 6: நெகட்டிவ் கன்ட்ரோல், டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர். லேன் 2 முதல் 6 வரை ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோலிட்டர் பிசிஆர் கலவை. 1% அகரோஸ், டிஏஇ பஃபர், எத்திடியம் புரோமைடு. அம்புக்குறி காட்டுவது எதிர்பார்த்த சுமார் 1,500 பிபி பேண்ட்."

முதல் வாக்கியம் எதில் எதைப் பார்த்தோம் என்று சொல்கிறது. பிறகு இடமிருந்து வலமாக லேன்கள், அப்புறம் ஜெல்லின் விவரம், கடைசியில் படத்தில் நீங்கள் போட்ட குறிகள். பிசிஆர் சைக்கிள், பிரைமர் அளவு எல்லாம் மெத்தட்ஸுக்குப் போகட்டும். "மூன்றிலும் பிசிஆர் வெற்றிகரமாக நடந்தது" என்ற வாக்கியமும் இங்கே வேண்டாம், அது ரிசல்ட்ஸில் வர வேண்டியது. லேடரின் அளவுகளை மட்டும் லெஜண்டில் அடுக்காமல் படத்தின் ஓரத்திலேயே 1,000, 1,500, 2,000 என்று அந்தந்தக் கோட்டுக்கு நேராக எழுதிவிடுங்கள். படிப்பவர் கண் மேலும் கீழும் அலையாது.

"பேண்ட் சைஸ் 1,465 பிபி என்று எழுதலாமா? பிரைமர் இருக்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அதுதான் வருகிறது."

அது கணக்கில் வந்தது, ஜெல்லில் நீங்கள் பார்த்தது அல்ல. 1% ஜெல்லில் 1,465-ஐயும் 1,500-ஐயும் கண்ணால் பிரிக்க முடியாது. "எதிர்பார்த்த அளவு 1,465 பிபி" என்று எழுதினால் சரி, "1,465 பிபி பேண்ட் கிடைத்தது" என்றால் தவறு. பார்த்ததைச் சொல்லும்போது "சுமார் 1,500" என்றே எழுதுங்கள். அதேபோல, பேண்ட் சரியான உயரத்தில் இருந்தாலும் அது 16எஸ்தான் என்று ஜெல் நிரூபிப்பதில்லை, அதற்கு சீக்வென்சிங் வேண்டும்.

"நெகட்டிவ் கன்ட்ரோல் லேனிலும் மங்கலாக ஒரு பேண்ட் வந்துவிட்டது. அந்த லேனை வெட்டிவிட்டு லெஜண்ட் எழுதட்டுமா?" (கிண்டியில் இருந்து)

தயவுசெய்து வெட்டாதீர்கள். 16எஸ் பிசிஆரில் இது அடிக்கடி வருவதுதான், ஏனென்றால் டாக் என்சைமே பாக்டீரியாவில் வளர்த்து எடுக்கப்படுவது, அதனோடும் மற்ற ரீஏஜென்டுகளோடும் துளி பாக்டீரியா டிஎன்ஏ ஒட்டிக்கொண்டு வரலாம். உங்கள் பிப்பெட்டில் இருந்தும் வந்திருக்கலாம். லெஜண்டில் "லேன் 6-இல் சுமார் 1,500 பிபியில் மங்கலான பேண்ட் தெரிகிறது" என்று ஒரே வரி போதும், காரணத்தை ரிசல்ட்ஸில் பேசுங்கள். (அடியில் 100 பிபிக்குக் கீழே மங்கலாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பிரைமர் டைமர், வேறு விஷயம்.) நடுவில் தேவையில்லாத லேன்களை எடுத்துவிட்டு மீதியை ஒட்டினால், ஒட்டிய இடத்தில் படத்தில் ஒரு கோடு போட்டு, லெஜண்டிலும் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஒட்டுவதும், மங்கலான பேண்ட் மறையும் வரை கான்ட்ராஸ்டைக் கூட்டுவதும் படிப்பவரை ஏமாற்றுவதுதான்.

"பார் சார்ட்டில் எரர் பார் போட்டிருக்கிறேன். லெஜண்டில் எஸ்டி என்று எழுதுவதா, எஸ்இஎம் என்று எழுதுவதா?"

எதைப் போட்டீர்களோ அதை. ஆனால் என்ன போட்டோம் என்று தெரியாமலே பலர் எழுதுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐசொலேட் ஏ-வை 2% உப்பில் மூன்று தனித்தனி ஃபிளாஸ்கில் வளர்த்தீர்கள், 24 மணி நேரம் கழித்து 600 நானோமீட்டரில் ஆப்டிகல் டென்சிட்டி, அதாவது ஓடி, 0.82, 0.91, 0.76 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 0.83. எக்செலில் `STDEV.S` போட்டால் 0.075, அதுதான் எஸ்டி. அதை √3-ஆல் வகுத்தால் 0.044, அது எஸ்இஎம். ஒரே தரவுதான், கோட்டின் நீளம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதனால்தான் பெயர் சொல்லாத எரர் பாரால் யாருக்கும் பயனில்லை. `STDEV.P` போட்டால் 0.062 வரும், அது இங்கே பொருந்தாது, நம்மிடம் இருப்பது சாம்பிள். மூன்று ஃபிளாஸ்க்குகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டன என்பதைக் காட்ட எஸ்டி போதும், ரிப்போர்ட்டுக்கு நான் அதையே சொல்வேன்.

இன்னொரு இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். எக்செலில் எரர் பார் மெனுவில் Standard Deviation என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அழுத்தினால் அந்த சீரிஸில் உள்ள பார்களின் உயரங்களை வைத்தே ஒரு எஸ்டி போட்டு, எல்லா பாருக்கும் அதையே ஒட்டிவிடும். உங்கள் மூன்று ஃபிளாஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லா பாரிலும் கோடு ஒரே நீளத்தில் இருந்தால் பெரும்பாலும் இப்படி ஏதோ ஒன்றுதான் நடந்திருக்கும். Custom என்பதற்குப் போய், ஒவ்வொரு பாருக்கும் நீங்கள் கணக்கிட்ட எஸ்டியைக் கொடுங்கள்.

"ஒவ்வொரு ஃபிளாஸ்கிலும் மூன்று முறை ரீடிங் எடுத்தேன். அப்படியென்றால் n = 9 தானே?"

இல்லை, n = 3. ஒரே ஃபிளாஸ்கை மூன்று முறை அளந்தால் தெரிவது ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரும் உங்கள் கையும் எவ்வளவு சீராக இருக்கின்றன என்பதுதான், பாக்டீரியா எவ்வளவு மாறுபடுகிறது என்பது அல்ல. மூன்று ரீடிங்கின் சராசரியை அந்த ஃபிளாஸ்கின் மதிப்பாக எடுத்துக்கொண்டு பிறகு எஸ்டி கணக்கிடுங்கள். லெஜண்ட் இப்படி வரும்:

"படம் 2. 0, 2, 5% உப்பில் ஐசொலேட் ஏ-வின் வளர்ச்சி, 30 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரத்துக்குப் பின், 600 நானோமீட்டரில் ஓடி. பார்கள் சராசரி, கோடுகள் எஸ்டி, n = 3 தனித்தனி கல்ச்சர்கள், ஒவ்வொன்றிலும் மூன்று ரீடிங்கின் சராசரி."

"சீனியர் ரிப்போர்ட்டில் பார் மேலே நட்சத்திரம் இருக்கிறது. நானும் போடட்டுமா?"

டெஸ்ட் செய்திருந்தால் மட்டும். செய்திருந்தால் எந்த டெஸ்ட், எதோடு எதை ஒப்பிட்டீர்கள், நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்ற மூன்றும் லெஜண்டில் வர வேண்டும்: "* என்பது 0% உப்போடு ஒப்பிடும்போது p < 0.05, ஒன்-வே அனோவா, பிறகு டனட் டெஸ்ட்". மூன்று குரூப் இருக்கும்போது டி-டெஸ்டை இரண்டிரண்டாக மாற்றி மாற்றிப் போடாதீர்கள், ஏதோ ஒரு ஜோடி தற்செயலாக p < 0.05 காட்டிவிடும் வாய்ப்பு ஒவ்வொரு டெஸ்டிலும் கூடுகிறது.

"லெஜண்ட் மேலேயா கீழேயா?"

படத்துக்குக் கீழே. டேபிளுக்கு மட்டும் தலைப்பு மேலே.