கிளிக் செய்தால் டைப் ஆகாத படிவம்

“அண்ணா, வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்க நாலு பக்கப் பிடிஎஃப் படிவம் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். கட்டத்துக்குள் கிளிக் செய்தால் எதுவுமே டைப் ஆகவில்லை. என்னிடம் பிரிண்டரும் இல்லை. எப்படி நிரப்பி அனுப்புவது?”

தம்பி, அந்தப் படிவத்தில் இருப்பது வெறும் கோடுகள்தான். அதனால் அதன் மேலேயே எழுத்தை வைக்க வேண்டும். வேர்டுக்கு மாற்றி நிரப்ப மட்டும் போகாதே. கட்டங்கள் இடம் மாறிவிடும், அவர்களுடைய படிவத்தை நீ திருத்தியதுபோல் ஆகிவிடும்.

கம்ப்யூட்டரில் இலவச அடோபி ரீடர் போட்டு, Fill & Sign என்பதைத் திற. எழுத வேண்டிய இடத்தில் கிளிக் செய்து டைப் செய். எழுத்து கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்தால் இழுத்து நகர்த்து, பெரிதாகத் தெரிந்தால் சின்ன A-வை அழுத்து. எழுத்துக்கு ஒரு கட்டம் வீதம் பெயர் கேட்கும் இடத்தில்தான் எல்லாரும் ஸ்பேஸ் தட்டித் தட்டித் தவிப்பார்கள். அது வேண்டாம். எழுத்துப் பெட்டியோடு வரும் சின்னப் பட்டையில் கட்டம் கட்டமாக ஒரு சின்னம் இருக்கும். அதைத் தேர்ந்து, பெட்டியின் வலது ஓரத்தைக் கடைசிக் கட்டம்வரை இழுத்தால் ஒவ்வொரு எழுத்தும் தன் கட்டத்தில் போய் நிற்கும். பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையிலேயே எழுது.

நான் வந்த புதிதில் இவ்வளவும் சரியாகச் செய்து அனுப்பியும், படிவம் காலியாக இருக்கிறது என்று ஒரு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மேலே வைத்த எழுத்து பக்கத்தோடு ஒட்டாமல் தனி அடுக்காக நிற்கலாம். அப்படி நின்றால் சில மென்பொருளில் தெரியாது, சில சமயம் பிரிண்ட்டிலும் வராது. அதனால் நிரப்பிச் சேமித்த பிறகு பிரிண்ட் கொடுத்து, விண்டோஸின் பிரிண்டர் பட்டியலில் Microsoft Print to PDF என்பதைத் தேர்ந்து புதுக் கோப்பாக எடு. அதைத் திறந்து உன் பெயரை இழுத்துப் பார். நகரவில்லை என்றால் ஒட்டிவிட்டது. பழைய கோப்பையும் வைத்துக்கொள், பிழை திருத்த அதுதான் வேண்டும்.

கையெழுத்துக்கு முன் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடு: திரையில் போட்டால் போதுமா, பேனாவில்தான் வேண்டுமா? பேனா என்றால் நாலு பக்கத்தையும் பிரிண்ட் எடுக்காதே. கையெழுத்துப் பக்கம் ஒன்றை மட்டும் வெளியில் பிரிண்ட் எடு. அளவு Actual size என்று இருக்கட்டும், Fit என்றால் பக்கம் சுருங்கி மற்றவற்றோடு பொருந்தாது. கையெழுத்திட்டு, போட்டோவாக எடுக்காமல் போனின் ஸ்கேன் வசதியில் எடு. ஜன்னல் வெளிச்சத்தில், உன் நிழல் தாளில் விழாமல் வைத்தால் ஓரம் நேராக வெட்டி, வெள்ளையாகத் தரும். ஐபோனில் நோட்ஸ் செயலியிலேயே அது இருக்கிறது.

அப்புறம் அந்தப் பக்கத்தை மற்ற மூன்றோடு சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கு. மேக்கில் பிரிவ்யூவின் ஓரப் பட்டையில் பக்கத்தை இழுத்துப் போட்டாலே சேர்ந்துவிடும். கோப்பின் பெயரில் உன் பெயரும் படிவத்தின் பெயரும் இருக்கட்டும். அனுப்புமுன் போனில் ஒருமுறை திறந்து, நாலு பக்கமும் வரிசையாக இருக்கிறதா என்று பார்த்துவிடு.