கையில் 97, காலில் 91: எக்கோ அவசியமா?

"குழந்தை பிறந்து 26 மணி நேரம். ஆக்சிஜன் அளவு வலது கையில் 97, காலில் 91. ஒரு மணி நேரம் கழித்தும் அதேதான். நன்றாகப் பால் குடிக்கிறான். எக்கோ எடுக்காமல் வீட்டுக்குப் போகலாமா?"

தயவுசெய்து, இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவின் முடிவு தெரியும் வரை போக வேண்டாம். இரு அளவுகளுக்கும் இடையே 3-க்கு மேல் வித்தியாசம் இருப்பதும், அது மறுபரிசோதனையிலும் மாறாததும்தான் இங்கே முக்கியம்.

வலது கைக்குச் செல்லும் இரத்தம் பெருந்தமனியிலிருந்து முதலிலேயே பிரிந்துவிடுகிறது; கருவில் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைத்திருந்த நாளம் அதற்குப் பின்னரே சேர்வதால், அந்த வழியாக ஆக்சிஜன் குறைந்த இரத்தம் கலந்தால் காலில் மட்டும் அளவு குறையும். பெருந்தமனி வளைவு துண்டித்தோ மிகவும் குறுகியோ இருக்கும் குழந்தையின் கீழுடலுக்கு அந்த நாளமே உயிர்வழி. அது முதல் சில நாட்களில் மூடத் தொடங்கும்போதுதான், அதுவரை நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரெனத் துவண்டுவிடும்.

நுரையீரல் தமனியில் அழுத்தம் குறையாமல் இருந்தாலும் இதே வித்தியாசம் வரலாம். அதற்குக் கிருமித்தொற்றும் காரணமாகலாம் என்பதால் அதையும் பார்ப்பார்கள். எக்கோவில் வளைவுக் குறை உறுதியானால், நாளத்தைத் திறந்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தை நரம்பு வழியாகத் தொடர்ந்து செலுத்தியபடி, இதய அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு மாற்றுவார்கள்.

எக்கோ அங்கே இல்லையென்றால், அது உள்ள இடத்துக்கு மருத்துவமனையே அனுப்பி வைக்கக் கேளுங்கள். தொடை மடிப்பில் நாடித்துடிப்பு எப்படி இருக்கிறது என்பதையும் மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.