ஒரு கிராம் புரதம் என்ன விலை?

ராயபுரம், விடுதியில் தங்கியிருப்பவர்: மீல்மேக்கர் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. இரவில் ஒரு கிண்ணம் குழம்பில் போட்டுச் சாப்பிட்டால் 50 கிராம் வந்துவிடுமா?

வராது தம்பி. அது காய்ந்த உருண்டையின் கணக்கு. வெந்நீரில் ஊறினால் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். ஊறிப் பிழிந்த 100 கிராமில் 17 கிராம் இருந்தால் அதிகம். அதனால் ஊறவைக்கும் முன்பே எடை போடுங்கள். காய்ந்தது 30 கிராம் எடுத்தால் 15 கிராம் புரதம். சில்லறையில் கிலோ 150 ரூபாய் என்றால் அதற்கு நாலரை ரூபாய்தான், கிராமுக்கு 30 காசு. இந்த விலைக்கு முட்டைகூட நெருங்க முடியாது.

பெரம்பூர், இல்லத்தரசி: பயறை முளைகட்டினால் புரதம் இரட்டிப்பாகும் என்று படித்தேன். பிறகு முட்டை எதற்கு?

இரட்டிப்பாவது எடைதான், அதுவும் தண்ணீரால். முளைகட்டினால் எளிதில் செரிக்கும், வைட்டமின் சி கூடும்; அவ்வளவும் உண்மை. புரதம் மட்டும் கூடாது. பச்சைப்பயறு கிலோ 130 ரூபாய் என்றால் கிராம் புரதம் 55 காசுக்குள் முடிந்துவிடும். அதையே முளைகட்டிய 200 கிராம் பாக்கெட்டாக 40 ரூபாய்க்கு வாங்கினால் உள்ளே இருக்கும் பயறு 100 கிராமுக்கும் குறைவு; கிராமுக்கு இரண்டு ரூபாய் ஆகிறது. வீட்டிலேயே ஈரத்துணியில் கட்டிவையுங்கள்.

முட்டையில் 6 கிராம். ஆறரை ரூபாய் என்றால் கிராமுக்கு ஒரு ரூபாய் சொச்சம். பயறில் குறைவாக உள்ள சில அமினோ அமிலங்கள் முட்டையில் முழுதாகக் கிடைக்கின்றன. அரிசியோடு சேர்த்துச் சாப்பிட்டால் பயறின் குறையும் பெருமளவு தீரும்.

சிந்தாதிரிப்பேட்டை, ஓய்வுபெற்றவர்: வஞ்சிரம் கிலோ ஆயிரம் ரூபாய். மீனை விட்டுவிடலாமா?

வஞ்சிரத்தை விடுங்கள் ஐயா, மீனை விட வேண்டாம். மத்தி கிலோ 160 ரூபாய் என்று வையுங்கள். தலை, குடல், முள் போக 550 கிராம் சதை, அதில் சுமார் 110 கிராம் புரதம். கிராமுக்கு ஒன்றரை ரூபாய்க்குள் முடிகிறது. வஞ்சிரத்தில் முள்ளே இல்லை என்று கணக்கிட்டாலும் ஐந்து ரூபாய்.

மத்தி சீக்கிரம் கெடும். வயிறு வெடித்திருந்தாலோ, செவுள் பழுப்பேறியிருந்தாலோ வாங்காதீர்கள். தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விலை ஏறும். அந்த இரண்டு மாதமும் முட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி, ஒரு தாய்: என் மகன் மூன்று வேளையும் தயிர்சாதம்தான். புரதம் நிறைய இருந்தும் உடம்பு தேறவில்லையே?

தயிரில் 100 கிராமுக்கு மூன்று கிராம் சொச்சம்தான் அம்மா. அரை கிலோ பாக்கெட் 35 ரூபாய் என்றால் கிராமுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல். சுண்ணாம்புச்சத்துக்காகக் கொடுங்கள், அதோடு ஒரு முட்டையோ சுண்டலோ சேருங்கள். எடை பல மாதமாக நின்றுவிட்டதென்றால் காரணம் வேறாகவும் இருக்கலாம், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வியாசர்பாடி: தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மீல்மேக்கர் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், மாத்திரையை ஒட்டி வேண்டாம். சோயா அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். காலையில் மாத்திரை என்றால் மீல்மேக்கர் இரவுக்கு இருக்கட்டும். அளவை மாற்ற வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.