நடுவில் தொய்யும் திரைக்கதை: கோளாறு எங்கே, மிட்பாயிண்டை எப்படி மாற்றுவது? (கேள்வி பதில்)

கேள்விகளுக்கு முன்னால் இருப்பவை கேட்பவர்களின் புனைபெயர்கள்.

மூணாவது டிராஃப்ட்: என்னுது 112 பக்க த்ரில்லர். ஒரு பாலம் இடிஞ்சு விழுது. அதுக்குப் பொய்யா பாதுகாப்புச் சான்று கொடுத்தது யார்னு கயல்னு ஒரு இன்ஜினியர் தேடறா. 56ஆம் பக்கத்துல அவளுக்கு மிரட்டல் போன் வருது, அதுதான் கதையோட நடுத் திருப்பம், மிட்பாயிண்ட். படிச்ச எல்லாருமே 60லேர்ந்து 85 வரை இழுக்குதுங்கறாங்க. ரெண்டு சீனை வெட்டியும் சரியாகலை.

இழுவை தெரிவது 60இல். கோளாறு இருப்பது 56இல். அதனால் வெட்டுவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

போன் வருவதற்கு முன் கயல் “யார் கையெழுத்துப் போட்டது?” என்று தேடுகிறாள். போன் வந்த பிறகும் அதையேதான் தேடுகிறாள், கூடவே கொஞ்சம் பயம். படிக்கிறவருக்குக் கேள்வி மாறவே இல்லை. ஒரே கேள்வியோடு ஐம்பது பக்கத்துக்கு மேல் நடந்தால் யாருக்கும் கால் வலிக்கும். வெட்டினால் நடை குறையும், வலி போகாது.

இதை உறுதிசெய்ய ஒரு வேலை செய்யுங்கள். 45 முதல் 85 வரை உள்ள சீன்களை, சீனுக்கு ஒரு வரியாக எழுதுங்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே “அதனால்” அல்லது “ஆனால்” வருகிறதா, வெறும் “அப்புறம்” மட்டும்தான் வருகிறதா என்று குறியுங்கள். “அப்புறம்” அடுத்தடுத்து மூன்று வந்தால் அங்கே கதை நகரவில்லை. பிறகு அந்த மூன்று சீன்களையும் இடம் மாற்றிப் போட்டுப் படியுங்கள். எதுவுமே கெடவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

மூணாவது டிராஃப்ட்: பண்ணிப் பார்த்தேன். 63ல மேஸ்திரி, 69ல லேப் அசிஸ்டெண்ட், 75ல ரிட்டையர்டு அதிகாரி. ஆளுக்கொரு தகவல் கொடுக்கறாங்க. எப்படி மாத்திப் போட்டாலும் ஒண்ணும் ஆகலை! அப்போ 56ல என்ன வைக்கறது?

வெளியிலிருந்து புதிதாக எதையும் கொண்டுவர வேண்டாம். அவள் தேடும் பதிலில் பாதியை அங்கேயே கொடுத்துவிடுங்கள், ஆனால் அவளுக்கு வேண்டாத பாதியை. கையெழுத்து அவளுடையது. பயிற்சியில் இருந்தபோது மேலதிகாரி நீட்டிய ஒரு கட்டுத் தாளில், இடத்துக்குப் போகாமலே வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதில் ஒரு தாள் இந்தப் பாலத்துடையது. 56இல் அதன் நகலைக் கையில் எடுக்கிறாள்.

இனி கேள்வி “யார்?” இல்லை. “சொல்வதா, மறைப்பதா?” மூன்று சாட்சிகளும் அவரவர் இடத்தில் இருக்கட்டும், ஆனால் ஆளே மாறிவிடுவார்கள். மேஸ்திரி இதுவரை உதவிக்கு வந்தவர், இப்போது அவளுக்கு எதிரான சாட்சி. 63ஐ மட்டும் எடுத்துப் பார்க்கலாம். பழைய டிராஃப்டில் இப்படி இருந்திருக்கும்:

“அன்னிக்குப் பாலத்தைப் பார்க்க யார் வந்தாங்க?”
“யாருமே வரலைங்க.”
கயல் நோட்டில் குறித்துக்கொள்கிறாள்.

இப்போது அதே கேள்வி, அதே பதில். பேனா நிற்கிறது. எழுதவில்லை. “இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?” என்று கேட்கிறாள். ஒரு வரிதான் கூடியிருக்கிறது, சீன் தலைகீழாகிவிட்டது.

மேஸ்திரி, கான்கிரீட் சோதனைப் பதிவேடு லேபில் இருக்கும் என்கிறார். அதனால் லேபுக்குப் போகிறாள். காரணத்தைச் சொல்ல முடியாது, அதனால் முதல்முறையாகப் பொய் சொல்கிறாள். பொய் அசிஸ்டெண்டுக்கு உறுத்துகிறது, அதனால் அவர் அதிகாரிக்குப் போன் போடுகிறார். 75இல் கயல் அதிகாரியைத் தேடிப் போவதில்லை. அன்று கட்டை நீட்டிய மேலதிகாரி அவர்தான், அவரே அவள் வீட்டு வாசலில் நிற்கிறார்: “அசல் தாள் என்கிட்டதான் இருக்கு. நீ பேசாம இருந்தா ரெண்டு பேரும் தப்பிச்சோம்.” இப்போது சீன்களை இடம் மாற்றிப் பாருங்கள், முடியாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்ட பழக்கத்துக்கு 20ஆம் பக்கத்துக்குள் விதை விழுந்திருக்க வேண்டும். இன்று அவள் ஒவ்வொரு தாளையும் வரி வரியாகப் படித்துவிட்டே கையெழுத்துப் போடுகிறாள், கூட வேலை பார்ப்பவர் அதைக் கிண்டல் செய்கிறார் என்பது போதும். விதை இல்லையென்றால் 56 வெறும் தற்செயலாகத் தெரியும்.

சிவப்பு மை: இவ்வளவு சுத்தணுமா? அடுத்த பாலமும் இடியப்போகுது, 500 பேர் உயிருன்னு வெச்சா ஸ்டேக்ஸ் தானா ஏறிடுமே.

பாலம் சரி, 500 சரியில்லை. முகம் தெரியாத 500 பேரும் 50 பேரும் படிக்கிறவருக்கு ஒன்றுதான். இரண்டாவது பாலத்துக்கான சான்றும் அதே கட்டில் அவள் போட்டது என்றால்தான் அது அவள் கழுத்துக்கு வரும். பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவள் கணக்கில் சேரும்.

ஸ்டேக்ஸ் என்கிற பணயத்தை அளக்க ஒரே கேள்விதான் உண்டு. இந்தப் பக்கத்தில் அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனால் அவளுக்கு என்ன போகும்? 30இல் ஒன்றும் போகாது, மனசாட்சி கொஞ்சம் குத்தும். 56க்குப் பிறகு விட்டுவிட்டால் உண்மையில் தப்பித்துவிடுவாள், அதுவே அவளுக்கு வலை. இரண்டாவது பாலம் தெரிந்த பிறகு விட்டுவிட்டால், தெரிந்தே சாகவிட்டவள் ஆகிறாள். மூன்று பதிலும் வேறு வேறு வகை. அளவு மட்டும் பெரிதானால் சத்தம் கூடும், அழுத்தம் கூடாது.

இரண்டையும் ஒரே பக்கத்தில் கொட்டிவிடாதீர்கள். கையெழுத்து 56இல் என்றால் பாலம் 72 வாக்கில் வரட்டும். இழுவை இருந்த பகுதியின் பிற்பாதியைத் தாங்க அதுதான் முட்டு.

காகிதக் கப்பல்: எனக்கும் நடுவுல தொய்வுதான். ரெண்டு பேர் பேசற சீன் ஒண்ணு 7 பக்கம் போகுது. எந்த வசனத்தை எடுக்கறதுன்னு தெரியலை.

உங்களுடையது வேறு நோய் என்று தோன்றுகிறது. பேச்சில் யார் கை ஓங்குகிறது என்பது மாறும் வரியைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் சீனுக்குள் நுழைந்து, அது முடிந்ததும் வெளியே வந்துவிடுங்கள். மூன்று பக்கமாகச் சுருங்கியதும் அடுத்த இருபது பக்கம் ஓடினால் சீனில்தான் பிரச்சினை. அப்படியும் ஓடவில்லை என்றால் மேலே சொன்ன “அப்புறம்” கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கடைசி வரிசை: இன்டர்வல் பிளாக்கும் மிட்பாயிண்டும் ஒண்ணுதானே?

ஏறக்குறைய ஒரே இடத்தில் வருவதால் ஒரே சம்பவம் இரண்டு வேலையையும் செய்யலாம். ஆனால் வேலை வேறு. இன்டர்வலுக்கு அதிர்ச்சி போதும், மிட்பாயிண்டுக்குத் திசை மாற வேண்டும். ஹீரோ சுடப்படுகிறான், இன்டர்வல். திரும்பி வந்து ஐந்து பக்கத்தில் எழுந்து பழைய வேலையைத் தொடர்கிறான் என்றால் உங்களிடம் இன்டர்வல் இருக்கிறது, மிட்பாயிண்ட் இல்லை.

தாழ்வாரம்: என்னுது அப்பா மகன் கதை. வெளிநாடு போக மகன் வீட்டை விக்கணும், அப்பா சம்மதிக்கலை. வில்லன் கிடையாது, யாரும் சாகப்போறதில்லை. எதைப் பணயம் வைக்கறது?

இந்த மாதிரிக் கதையில் கேட்டதைக் கொடுத்துவிடுவது நன்றாக வேலை செய்யும். நடுவில் அப்பா சட்டென்று சம்மதித்துவிடட்டும். மகனுக்குச் சந்தோஷம். ஒரு சீன் கழித்து, தன்னையும் கூட்டிக்கொண்டு போகிறான் என்று நினைத்துத்தான் சம்மதித்தார் என்பது தெரிகிறது. இல்லை என்று சொல்ல மகனுக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு பணயத்தை ஏற்ற வில்லன் வேண்டாம். திரும்ப முடியாத காரியங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். அப்பா தன் தச்சுக் கருவிகளைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிடுகிறார். பிறகு வீட்டுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. பிறகு நண்பர்களிடம் போய் விடைபெற்று வருகிறார். ஒவ்வொரு நாள் தள்ளிப்போடுவதும் உண்மையின் விலையைக் கூட்டுகிறது. இதில் கெடுகிற இடம் ஒன்றுதான்: “ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்ததே” என்று படிக்கிறவர் எரிச்சலாகிவிடுவார். மகன் சொல்ல முயன்று, நியாயமான காரணத்தால் தடைபடும் சீன் ஒன்றாவது வேண்டும்.

சிவப்பு மை: மிட்பாயிண்ட்ல ஹீரோ ஜெயிக்கற மாதிரி இருந்து, அப்புறம் சரியணும்னுதான் படிச்சிருக்கேன். கயல் நேரா விழறாளே?

விதி இல்லை, ஆனால் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. 85 வாக்கில் வரும் பெரிய சரிவும் விழுதல்தான். இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்கலாம்.

சிவப்பு மை: அப்போ 56ல விசாரணைக் குழுவே அவளைப் பாராட்டி, மொத்த ஃபைலையும் அவ கையில ஒப்படைக்கட்டும். அந்த ஃபைல்லயே கையெழுத்து இருக்கட்டும்.

நல்ல யோசனை. ஏற்றமும் இறக்கமும் ஒரே சீனில் வந்துவிடும், மறைக்கும் வசதியும் அவளிடமே வந்துவிடுகிறது. எனக்குள்ள தயக்கம், குழு அந்தத் தாளை ஏன் முதலில் பார்க்கவில்லை என்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால் ஒரு பக்கம் விளக்கம் கேட்கும். தனியாகக் கண்டுபிடித்தால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் ஏற்றம் கிடைக்காது. எழுதிப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மூணாவது டிராஃப்ட்: தனியா கண்டுபிடிக்கற மாதிரியே எழுதினேன். 60–85 இப்போ ஓடுது. ஆனா கிளைமாக்ஸ் சப்புன்னு ஆயிடுச்சு, பக்கமும் 118 ஆயிடுச்சு.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பழைய கிளைமாக்ஸ் “யார்?” என்ற கேள்விக்கு எழுதியது, அதிகாரி பிடிபடுவார். அந்தக் கேள்வி 56இலேயே செத்துப்போனது. இப்போதைய கேள்விக்கு விடை, கயல் தானே அந்தத் தாளைப் பலர் முன் வைப்பது. அதிகாரி பிடிபடுவது அதன் விளைவாகப் பின்னால் வரட்டும். 56இல் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்திருந்தால், கடைசியில் அந்த மடிப்புகளோடுதான் அது மேஜைக்கு வர வேண்டும்.

பக்கத்தைக் குறைக்க 60க்கு மேல் கை வைக்காதீர்கள். 30 முதல் 50 வரை “யார்?” என்று தேடும் சீன்கள்தான் இப்போது அதிகம். அங்கே சந்தேகப்படும்படி மூன்று பேர் இருந்தால் ஒருவர் போதும். முதலில் வெட்டிப்போட்ட இரண்டு சீன்களையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். கயல் பொய் சொல்கிறாள் என்பது தெரிந்த பிறகு, அதில் ஒன்றுக்காவது திரும்ப வேலை இருக்கலாம்.