விவாகரத்துக்குப் பிறகும் பாலிசியில் அவர் பெயர்

"விவாகரத்து தீர்ப்பு வந்துவிட்டது. என் ஆயுள் காப்பீட்டில் முன்னாள் மனைவி பெயரை நீக்கி என் அம்மா பெயரைச் சேர்க்க முடியாது என்கிறார்கள். ஏன்?"

சாதாரண நாமினேஷன் என்றால் உங்கள் கையெழுத்தே போதும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மறுக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அது 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்த பாலிசியாக இருக்கும். கடன்காரர்கள் கைவைக்காமல் இருக்க ஏஜென்டுகள் சொல்லி எடுக்க வைப்பது அது. அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுக்கான அறக்கட்டளைச் சொத்து. பிரீமியம் கட்டியவர் நீங்கள் என்றாலும் உங்களுடையது ஆகாது.

பாலிசி பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். முதல் பக்கத்திலோ இணைப்பிலோ "MWP Act" என்றிருக்கும், கூடவே பயனாளிகள் பெயரும்.

இருந்தால், அவர் எழுத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பாரா என்று வக்கீல் மூலம் கேளுங்கள். கோபத்தில் பிரீமியத்தை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளும் பயனாளிகள் என்றால் அடி அவர்களுக்குத்தான். உங்கள் அம்மாவுக்கென்று தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்துக்கொள்ளலாம்.