ஆமைக்குஞ்சுகள் ஏன் சாலைப் பக்கம் போகின்றன?

"உள்ளூர் வாழிடப் பாதுகாப்பு பற்றி ஒப்படைப்பு. எங்கள் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் சாலையோரம் செத்துக் கிடக்கின்றன. காரணம் என்ன?"

விளக்கு வெளிச்சம்தான் காரணமாக இருக்கும். இரவில் பொரிந்து வரும் குஞ்சு, வெளிச்சம் அதிகமாகத் தெரியும் பக்கம் நகரும். இருட்டான கரையில் அது கடல். உங்கள் ஊரில் தெருவிளக்கு.

காலையில் ஆள் நடமாட்டத்துக்கு முன்னால் போய்ப் பாருங்கள். குஞ்சுகள் வெளிவந்த குழிந்த மணலிலிருந்து அவற்றின் தடங்கள், விரல் தடம்போலச் சின்னக் கோடுகளாக, எந்தப் பக்கம் விரிகின்றன என்று வரைந்துகொள்ளுங்கள். அப்புறம் இரவில் அதே இடத்தில் மணலில் படுத்து, தரை மட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். நேராகக் கண்ணில் படும் ஒவ்வொரு விளக்கையும் குறியுங்கள். ஒப்படைப்புக்கு இந்த வரைபடமே போதும். தீர்வாக, ஜனவரி முதல் மே வரை அந்த விளக்குகளை இரவில் அணைக்கவோ, கடல் பக்கம் மறைப்புப் போடவோ கேட்கலாம்.

முட்டையையோ குஞ்சையோ தொடாதீர்கள். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள இனம், வனத்துறையிடம் சொல்லுங்கள். டார்ச்சும் வேண்டாம், குஞ்சு அதன் பின்னாலேயே வரும்.